இரண்டு மணி விழிப்பு: பாம்பன் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கணவர் இறந்த ஒன்பதாம் நாள், அந்த அக்காவை அவருடைய நாத்தனார் கையைப் பிடித்து அழைத்துவந்தார். சொன்னது ஒரே வரி: "ஒன்பது நாளாக இவள் கண்ணை மூடவே இல்லை, டாக்டரம்மா. ஓர் ஊசி போட்டுத் தூங்க வையுங்கள்."

பாம்பன் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். இந்தக் கோரிக்கையோடு யாராவது வராத மாதம் எனக்கு நினைவில்லை. இந்த ஒருவரைப் பற்றி விரிவாக எழுதுவதற்கு இரண்டு காரணங்கள். இவர் சொன்ன ஒரு பதில், துக்கத்தில் தூக்கம் எங்கே அறுந்துபோகிறது என்பதை எனக்குப் பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாகக் காட்டியது. இன்னொன்று, அதே வீட்டில் நான் கவனிக்காமல் விட்ட ஒருவர். ஆளை அடையாளம் காணக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். தூக்கத்தைப் பற்றியவற்றை மாற்றவில்லை.

வயது 46. கணவருக்கு 52. நாட்டுப்படகு வைத்திருந்தார். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் கடலிலிருந்து திரும்பி, கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து மீன் கழித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. "24 வருடம் கடலை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அவர் மணலில் போய்விட்டார்" என்று அந்த அக்கா சொன்னார். இரண்டு பிள்ளைகள். மகனுக்கு 23 வயது, அப்பாவோடு படகில் போய்க்கொண்டிருந்தவர். மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தாள்.

ஒன்பதாம் நாள்

கண்ணை மூடவே இல்லை என்பதை நான் அப்படியே ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நாத்தனாரிடம் பகலில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். சுவரில் சாய்ந்தபடியே கண் அசந்துவிடுகிறார், துக்கம் கேட்க வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்குகிறது, யாராவது தொட்டால் திடுக்கிட்டு எழுகிறார் என்றார். இரவிலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். மனம் பதறிக் கிடக்கும்போது தூக்கம் துண்டு துண்டாகவும் மேலோட்டமாகவும் வரும். அந்தத் துண்டுகள் நினைவில் நிற்பதில்லை. இடையில் விழித்துக் கிடந்த நேரம் மட்டும் நிற்கிறது. அதனால் மூன்று நான்கு மணி நேரம் தூங்கியவர்கூட ஒரு பொட்டுத் தூக்கமில்லை என்று மனதார நம்புவார். "இல்லை, நீங்கள் தூங்கினீர்கள்" என்று அவரிடம் வாதாடுவது வீண். அது அவர் காதில் "பொய் சொல்கிறீர்கள்" என்றுதான் விழும்.

தூக்கம் வருவதற்கு உடலில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சேர்ந்துகொண்டே போகும் தூக்கப் பசி. மற்றொன்று, வெளிச்சத்தையும் இருட்டையும் வைத்து நேரம் பார்க்கும் உடல் கடிகாரம். இரண்டும் ஒத்துப்போகும்போது நாம் தூங்குகிறோம். துக்கம் இவற்றை அழிப்பதில்லை. மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்து மேலே வைக்கிறது: ஆபத்து நேரத்தில் உடல் அடிக்கும் அபாய மணி. இதயம் வேகமாகத் துடிக்கும், வயிறு இறுகும், சின்ன ஓசைக்கும் உடம்பு தூக்கிப்போடும். வீட்டில் ஒருவரைக் காணவில்லை, தேடு என்பது மட்டும்தான் உடலுக்குத் தெரிகிறது. இறந்துவிட்டார் என்பது அதற்கு உடனே புரிவதில்லை. அந்த மணி அடித்துக்கொண்டிருக்கும் முதல் சில வாரங்களில் தூக்கம் வரத் தாமதமாவதும், நடுவில் பலமுறை விழிப்பு வருவதும், விடியுமுன்பே முழித்துக்கொள்வதும், போனவர் கனவில் வருவதும், வரவில்லையே என்று ஏங்குவதும் நோய் அல்ல. நான் இதைத்தான் முதல் நாள் அவர்கள் இருவரிடமும் சொன்னேன்.

ஊசி போடவில்லை. ஆனால் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தேன். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருந்தது, மருந்து தேவைப்படும் அளவுக்கு இல்லை. நெஞ்சுவலி உண்டா என்று இரண்டு முறை கேட்டேன். நெருங்கியவர் இறந்த முதல் நாட்களில் மாரடைப்பு ஆபத்து உண்மையிலேயே கூடுகிறது. துக்கத்தில் நெஞ்சு அடைக்கிறது என்று ஒதுக்கிவிட்டால் தவறிவிடும். இரவில் உடம்பு எரிந்து வியர்க்கிறதா என்றும் கேட்டேன். 46 வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூடும் தூக்கத்தைக் கெடுக்கும். பழி மட்டும் துக்கத்தின் மேல் விழும். அவருக்கு அது இல்லை. ரத்தசோகை லேசாக இருந்தது, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன்.

கடைசியாக, நாத்தனாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா அக்கா?" என்று நேராகவே கேட்டேன். இதைக் கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்கப்படாமல் இருப்பதுதான் ஆபத்து. "அவர் பின்னாலேயே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றும். ஆனால் சின்னவள் இருக்கிறாளே" என்றார். முதல் வாரங்களில் இந்த ஏக்கம் பலருக்கும் வருவதுதான். எப்படி, எப்போது என்று மனம் திட்டமிடத் தொடங்கிவிட்டால் கதை வேறு. அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், தனியே விடக் கூடாது. இவரிடம் திட்டம் இல்லை. இருந்தாலும் இரவில் பக்கத்தில் ஒருவர் படுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். அரசின் மனநல உதவி எண் 14416-ஐயும், 104-ஐயும் மகளின் கைபேசியில் பதிந்துகொள்ளச் சொன்னேன்.

சொன்ன யோசனைகள் இரண்டே இரண்டு. துக்க வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தேநீர் கலக்கும்போது இவர் கையிலும் ஒரு தம்ளர் வந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டு ஆகியிருந்தது, சோறு இறங்கவில்லை என்பதால் அதுவே ஆகாரமாகவும் இருந்தது. தேநீரில் இருக்கும் காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம், கஞ்சித் தண்ணீரோ மோரோ குடியுங்கள் என்றேன். இரண்டாவது, வெளிச்சம். அவர்கள் வழக்கப்படி அவரை உள்ளறையின் மூலையில் உட்காரவைத்திருந்தார்கள். பகல் முழுக்க இருட்டிலேயே இருப்பவருக்கு உடல் கடிகாரம் இரவையும் பகலையும் பிரிக்க முடியாது. வழக்கத்தை மீறச் சொல்லி ஒரு சண்டையை உண்டாக்க எனக்கு விருப்பமில்லை. வீட்டின் பின்பக்கம் கிழக்குப் பார்த்த முற்றம் இருப்பதாக நாத்தனார் சொன்னார். ஆட்கள் வருமுன், காலை ஆறரை மணிக்கு அங்கே அரை மணி நேரம் உட்காரட்டும் என்று முடிவு செய்தோம். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

பதினாறுக்குப் பிறகு

துக்கம் நாளுக்கு நாள் குறையும், தூக்கமும் அதே கணக்கில் திரும்பும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அப்படி நேர்கோட்டில் நடப்பதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, யாராவது இருமினார்கள், யாராவது பேசினார்கள். அந்தச் சத்தமே அவருக்கு ஒரு துணையாக இருந்திருக்கிறது. காரியம் முடிந்து உறவினர் கிளம்பிய இரவுதான் வீடு காலியானது அவருக்குத் தெரிந்தது. மூன்றாவது வாரம் முதல் வாரத்தைவிட மோசமாக இருந்தது. இதையும் நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன். எதிர்பார்த்திருந்தால் அந்த மோசமான வாரத்தில் "எனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகிறது" என்ற பயம் பாதியாவது குறையும்.

இருபத்தேழாம் நாள் அவர் மறுபடி வந்தபோது முந்தானையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பத்து மாத்திரை அட்டை. அதில் ஒன்றுதான் மீதி. அல்பிரசோலம், அரை மில்லிகிராம். உறவுக்காரப் பையன் ஒருவன் எங்கிருந்தோ வாங்கிக் கொடுத்திருக்கிறான். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை அது. அதற்கு முன்னால் இன்னோர் இரண்டு மாத்திரைகளை வேறோர் அட்டையிலிருந்தும் சாப்பிட்டிருக்கிறார். மொத்தம் 11 இரவுகள்.

"முதல் மூன்று நாள் செத்த பிணமாகத் தூங்கினேன். அப்புறம் பழையபடி இரண்டு மணிக்கு முழிப்பு. காலையில் தலை கனக்கிறது. பேசினது மறந்துபோகிறது. மாத்திரை இல்லாமல் ஒரு நாள் படுத்தேன், கைகால் நடுங்கி உயிரே போய்விட்டது."

இந்த வகை மாத்திரையின் முழுக்கதையும் இந்த ஐந்து வாக்கியங்களில் இருக்கிறது. முதலில் நன்றாகத் தூக்கம் வரும், பிறகு உடல் பழகிக்கொள்ளும், நிறுத்தினால் முன்பிருந்ததைவிட மோசமான விழிப்பு வரும். அந்த மோசத்தைப் பார்த்து "மாத்திரை இல்லாமல் எனக்குத் தூக்கமே கிடையாது" என்று மனம் முடிவுகட்டும். கணவரை இழந்த பெண்களுக்கு முதல் வாரத்தில் வீட்டார் அன்போடு தொடங்கிவைத்த மாத்திரையை ஐந்து வருடம் கழித்தும் விட முடியாமல் என்னிடம் வருபவர்கள் இருக்கிறார்கள். துக்கத்தில் இந்த மாத்திரையே கூடாது என்பது என் கட்சி அல்ல. பல இரவுகள் தொடர்ந்து தூங்காமல் ஒருவர் தள்ளாடும் நிலையில் இருந்தால், நாள் குறித்து, எண்ணி நாலைந்து மாத்திரை மட்டும் நானும் எழுதியிருக்கிறேன். கணக்கில்லாத அட்டையை வீட்டில் விட்டுவைக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. மரண வீட்டில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்பதை விளக்க வேண்டியதில்லை.

11 இரவுகள்தான் என்பதால் இறக்குவது எளிதாக இருந்தது. ஐந்து இரவு பாதி மாத்திரை, அடுத்த ஐந்து இரவு கால் மாத்திரை, பிறகு நிறுத்தம். தேவையான எண்ணிக்கையை மட்டும் நானே எழுதி, மகளின் பொறுப்பில் கொடுத்தேன். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் வாரக்கணக்கில் மெதுவாகத்தான் இறக்க வேண்டும்.

அந்தக் கேள்வி

இரண்டு மணி என்ற அந்த நேரம் என்னை உறுத்தியது. ஒன்பதாம் நாள் வந்தபோது சொன்னதும் இரண்டு மணி, மாத்திரை போட்டும் இரண்டு மணி. முன்பு எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று கேட்டேன்.

இரண்டு மணிக்குத்தான். கணவர் மூன்று மணிக்குக் கடலுக்குக் கிளம்புவார். இவர் இரண்டுக்கு எழுந்து தேநீர் வைத்து, தூக்குவாளியில் பழைய சோறும் துவையலும் போட்டுக் கொடுத்து, அவர் கிளம்பியதும் ஒரு மணி நேரம் சாய்ந்துவிட்டு ஐந்துக்கு எழுவார். படகு பத்து மணி வாக்கில் திரும்பும். மீனை வாங்கி உச்சிப்புளிச் சந்தைக்குக் கொண்டுபோவார். இரவு எட்டு மணிக்கெல்லாம் தூக்கம். அதாவது, 24 வருடமாக இவருடைய இரவு எட்டில் தொடங்கி இரண்டில் முடிந்தது. அந்த உடம்பு இப்போதும் இரண்டு மணிக்கு எழுந்திருப்பதில் அதிசயம் என்ன இருக்கிறது?

இந்த விளக்கத்தில் எனக்கே ஒரு ஓட்டை தெரிந்தது. அதனால் இன்னொன்று கேட்டேன்: "காற்று பலமாக அடித்துக் கடலுக்குப் போகாத நாட்களில்?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போதும் முழிப்பு வரும், டாக்டரம்மா. பக்கத்தில் அவர் படுத்திருப்பதைப் பார்ப்பேன். சரி, இன்றைக்குப் போகவில்லை என்று திரும்பிப் படுத்துவிடுவேன்" என்றார்.

அவருக்குக் கெட்டுப்போயிருந்தது விழிப்பு அல்ல. விழிப்பு முன்பும் இருந்தது. விழித்த பிறகு மறுபடி தூங்கப் போவதற்கு அவர் உடல் தேடிக்கொண்டிருந்த ஓர் அடையாளம் போய்விட்டது. இரவில் பலமுறை நாம் எல்லோரும் விழிக்கிறோம். பக்கத்தில் எல்லாம் இருந்தபடி இருக்கிறது என்று அரைக்கண்ணால் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவதால் அது நினைவில் இருப்பதில்லை. இவர் பார்க்கிறார், பாய் வெறுமையாக இருக்கிறது, அபாய மணி அடித்துவிடுகிறது. பிறகு விடியும்வரை அதே இடத்தில் கிடந்து அழுகை, கணக்குகள், "அன்றைக்குக் கடலுக்குப் போகாதே என்று சொல்லியிருக்கலாமே" என்ற எண்ணம்.

இதை அவரிடம் சொன்னதும் அழுதார். பிறகு, "அப்படியென்றால் எனக்கு நோய் இல்லையா?" என்று கேட்டார்.

பாயும் பத்து மணியும்

தூக்கம் கெடுவதற்கு மூன்று அடுக்குக் காரணங்களைச் சொல்வார்கள்: ஒருவருக்கு இயல்பாகவே உள்ள பலவீனம், அதைத் தட்டிவிட்ட சம்பவம், பிறகு அதை நீடிக்கவைக்கும் பழக்கங்கள். சம்பவத்தை நம்மால் மாற்ற முடியாது. முதல் வாரங்களில் நல்ல எண்ணத்தோடு நாமே சேர்க்கும் பழக்கங்களில்தான் கை வைக்க முடியும். மகளிடம் ஒரு நோட்டில் ஒரு வாரம் குறித்துவரச் சொன்னேன். கடிகாரம் பார்க்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். நடு இரவில் மணி பார்ப்பதே ஒரு பதற்றம். படுத்தது, எழுந்தது, காலை பாங்குச் சத்தத்துக்கு முன் விழித்திருந்தாரா, பகலில் எவ்வளவு நேரம் படுத்தார், அவ்வளவுதான்.

நோட்டு வந்தது. மாலை ஏழரைக்கே "போய்ப் படு, உடம்பு தேறட்டும்" என்று படுக்கவைத்திருக்கிறார்கள். காலை ஆறு மணி வரை எழவிடவில்லை. மதியம் இரண்டு மணி நேரம் வேறு. பத்தரை மணி நேர இரவுப் படுக்கையில் அவர் தூங்கியது ஏறக்குறைய நாலரை மணி. மீதி ஆறு மணி நேரமும் இருட்டில் கிடந்து துக்கத்தோடு தனியாக இருந்திருக்கிறார். தூக்கம் போதவில்லை என்று படுக்கை நேரத்தைக் கூட்டுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் முதல் தவறு. பாயைப் பார்த்தாலே விழிப்பும் அழுகையும் வருமாறு உடலைப் பழக்கிவிடும்.

நாள்பட்ட தூக்கமின்மைக்குப் படுக்கை நேரத்தைக் கறாராகச் சுருக்கும் சிகிச்சை இருக்கிறது. துக்கத்தின் ஐந்தாவது வாரத்தில் அதை அந்தக் கறாரோடு செய்ய எனக்கு மனம் வரவில்லை, தேவையும் இல்லை. கூடுதலாகச் சேர்ந்ததை மட்டும் வெட்டினேன். இரவு பத்துக்குமுன் பாய் விரிக்கக் கூடாது, ஐந்து மணிக்குச் சுருட்டிவிட வேண்டும், தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும். மதியம் அரை மணி நேரம் போதும். எட்டிலிருந்து பத்துவரை கண் சொக்கும். அப்போது நாத்தனாரோடு திண்ணையில் உட்காரட்டும். இதில் உடல் கடிகாரத்துக்கும் ஒரு வேலை இருந்தது. எட்டு மணி இரவைப் பத்து மணி இரவாகத் தள்ளினால் இரண்டு மணி விழிப்பும் மெல்ல மெல்லப் பின்னால் நகரும்.

விழித்த பிறகு என்ன செய்வது? கொஞ்ச நேரத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள் என்றுதான் நாங்கள் படித்திருக்கிறோம். அந்த வீட்டில் படுக்கிற அறை ஒன்று, சமையல் மூலை ஒன்று. வேறு அறை எங்கே? இதற்கு வழி சொன்னது அந்த அக்காதான். "பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறேன்" என்றார். கட்டிலில் இந்த வசதி கிடையாது. பாயைச் சுருட்டினால் படுக்கை என்ற ஒன்றே அந்த இடத்தில் இல்லாமல் போய்விடுகிறது. திண்ணையில் பழைய வலைத் துண்டை வைத்து முடிச்சு போட்டுக்கொண்டிருப்பார். கண் சொக்கினால் திரும்பி வந்து பாய் விரிப்பார். சில இரவுகளில் இரண்டு முறை சுருட்டினார், ஒரு முறை விடியும்வரை திண்ணையிலேயே இருந்துவிட்டார். அப்படி நடந்த மறுநாளும் ஐந்து மணிக்கு வீட்டார் அவரை எழுப்பிவிட்டார்கள். அடுத்த இரவு தூக்கப் பசி கூடியிருக்கும் என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன்.

வெறும் பாய்ப்பக்கத்துக்கும் ஒரு தீர்வு வேண்டியிருந்தது. கணவர் படுத்த இடத்தை அப்படியே காலியாக விட்டு இவர் தம் பழைய ஓரத்திலேயே படுத்துக்கொண்டிருந்தார். மகளை அங்கே படுக்கவைக்கலாமா என்று நான் கேட்டேன். மறுத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து அவரே மகளின் பாயைத் தம் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாராம், கணவர் இடத்தில் அல்ல, இன்னொரு பக்கத்தில். அந்த அவசரத்தை நான் காட்டியிருக்கக் கூடாது.

படகுச் சத்தம்

ஐந்தாவது வாரத்தில் நாத்தனார் தனியாக வந்து, குரலைத் தாழ்த்தி, "ஏர்வாடிக்குக் கூட்டிப்போகலாமா என்று வீட்டில் பேசுகிறார்கள்" என்றார். விடிகாலையில் கணவரின் படகு இன்ஜின் சத்தம் கேட்கிறதாம், வாசலில் பீடி வாடை அடிக்கிறதாம்.

இந்தக் கரையில் ஏர்வாடி என்ற சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் வெந்து இறந்தார்கள். அதன் பிறகு நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது, ஆனால் அந்தப் பயம் மாறவில்லை. அதனால்தான் இரவில் சத்தம் கேட்டவர்கள் அதை மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை. 1971-இல் வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்துக் கேட்டார். ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தவரைக் கண்டதாகவோ, கேட்டதாகவோ, பக்கத்தில் இருப்பதாக உணர்ந்ததாகவோ சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் மூளை அரைத் தூக்கத்தில் இருக்கும்போது இது இன்னும் எளிதாக வரும்.

கவலைப்பட வேண்டிய சத்தம் வேறு மாதிரி இருக்கும். அந்தக் குரல் கட்டளையிடும், திட்டும், பகலிலும் விடாது. கேட்பவர் அதை உண்மை என்று அடித்துச் சொல்வார். இன்னொன்று, தூக்கமே இல்லாமல் ஆனால் களைப்பே தெரியாமல், அளவுக்கு மீறிப் பேசிக்கொண்டும் திட்டம் போட்டுக்கொண்டும் திரிவது. அதைத் துக்கம் என்று விட்டுவிடக் கூடாது. இந்த அக்காவிடம் கேட்டபோது, "அவர் இல்லை என்று தெரியும். சத்தம் கேட்டால் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கிறது" என்றார். நாத்தனாருக்கு விளக்கிச் சொல்லி அனுப்பினேன்.

நான் கேட்காமல் விட்டது

அதே வாரத்தில் மகன் வந்தார், கையில் வெட்டுக்காயத்தோடு. அப்பாவின் படகை எடுத்துக்கொண்டு மூன்று மணிக்குப் போனவர் சுக்கான் பிடித்தபடியே கண் அசந்திருக்கிறார். படகு இன்னொருவருடைய வலை மேல் ஏறி, புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டது. அதை அறுக்கும்போது கத்தி பட்டுவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் மாதங்கள் அவை. வீட்டில் காரியக் கடன் இருந்தது. ஒரு நாளும் விடாமல் கடலுக்குப் போயிருக்கிறார்.

தையல் போடும்போது கேட்டேன். இரவு ஒன்பது மணிக்குக் கால் பாட்டில் குடித்துவிட்டுப் படுத்தால் உடனே தூக்கம் வருகிறது, ஆனால் ஒரு மணிக்கே நெஞ்சு படபடத்து விழித்துவிடுகிறேன் என்றார். மது செய்வது அதுதான். முதல் பாதி இரவுக்குத் தூக்கம் கொடுத்து, உடலில் அது கரையும்போது இரண்டாம் பாதியைக் கெடுத்துவிடும். அப்பா போனதிலிருந்து தினமும் இப்படி. ஏறக்குறைய நான்கு வாரமாக நான் அந்த வீட்டின் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகிறவரிடம் மட்டும் கேட்டேன், அழாதவரைக் கேட்கவே இல்லை.

அவருக்கு நான் சொன்னது தூக்கத்தைவிடக் கடலைப் பற்றி அதிகம். மூன்று வாரம் சுக்கான் சித்தப்பா கையில் இருக்கட்டும், நீங்கள் வலைக்கு மட்டும் நில்லுங்கள் என்றேன். தினமும் குடித்தது ஐந்து வாரம்தான், நிறுத்தினால் நடுக்கம் வரவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, படுக்குமுன் குடிப்பதை நிறுத்தச் சொன்னேன். முதல் நாலைந்து இரவு தூக்கம் இன்னும் மோசமாகும் என்பதையும் மறைக்கவில்லை. வருடக்கணக்கில் குடிப்பவராக இருந்திருந்தால் வீட்டில் நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டேன். மருத்துவமனையில் வைத்துத்தான் செய்திருக்க வேண்டும்.

பதின்மூன்றாம் வாரம்

அக்காவின் நோட்டு எட்டாம் வாரத்தில் ஐந்தரை மணி நேரம் காட்டியது. விழிப்பு மூன்று மணிக்கு நகர்ந்திருந்தது. அதற்குள் அவர் சந்தைக்குப் போகத் தொடங்கியிருந்தார். அது தூக்கத்துக்கு என் யோசனைகளைவிட அதிகம் உதவியது என்று நினைக்கிறேன்: நடை, வெயில், பேரம், களைப்பு. பதின்மூன்றாம் வாரத்தில் ஏழு இரவுகளில் ஐந்து நல்ல இரவுகள், ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல். மற்ற இரண்டில் பாய் சுருட்டப்பட்டது.

வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் கெட்டுப் பகல் வேலையும் பாதிக்கப்பட்டால்தான் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறோம். அப்படியானால் மாத்திரைக்குமுன் தூக்கத்துக்கான முறையான நடத்தைச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். இவர் அந்தக் கோட்டுக்கு இந்தப்பக்கம் நிற்கிறார். ஏக்கமே மாறாமல் அன்றாட வாழ்வு முடங்கிக் கிடக்கும் நீடித்த துக்கம் என்பது வேறு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதற்கு ஆறு மாதம் வரை பொறுக்கச் சொல்கிறது. அதைப் பார்க்கும் நாள் இன்னும் வரவில்லை.

அடுத்த மாதம் ஆடி அமாவாசை. ராமேஸ்வரத்துக்குத் திதி கொடுக்க வருகிற கூட்டம் முழுக்கப் பாம்பன் வழியாகத்தான் போகும். சந்தைக்குப் போகும் பஸ்ஸிலும் அதே பேச்சுதான் இருக்கும். அதற்கு முன்னும் பின்னுமாக ஒரு வாரம் தூக்கம் கெடலாம், அதற்காக ஏழரை மணிக்குப் போய்ப் படுத்துவிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மகள் அந்த வாரத்தின் பக்கத்தை இப்போதே நோட்டில் கோடு போட்டு வைத்துவிட்டாள். அமாவாசை முடிந்த மறுவாரம் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன், மகனையும் சேர்த்து.